‘விசாரணை மேற்கொள்ளப்பட்டு வருகிறது’: யார், யாரை, எப்போது?

எங்கள் அடுக்கக சங்கத்தின் செயலாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. கடிதம் எழுத உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆளாக மாறிவிடுவார். நவம்பர் மழையில் ஒரு லிஃப்ட் நின்றுபோனபோது, எல்லா வீட்டுக்கும் அவர் அனுப்பிய மின்னஞ்சல் இது:

> பொருள்: மின்தூக்கி பழுது தொடர்பாக
>
> பி பிளாக் மின்தூக்கியில் ஏற்பட்ட பழுது தொடர்பாகப் பராமரிப்பு நிறுவனத்தின் மூலம் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வின் அடிப்படையில் கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றுவது குறித்த முடிவு நிர்வாகக் குழுவால் எடுக்கப்பட்டுள்ளது. இதற்கான விலைப்புள்ளிகள் பெறும் பணி நடைபெற்று வருகிறது. பழுதுக்கான காரணம் குறித்த விசாரணையும் மேற்கொள்ளப்பட்டு வருகிறது. பணி நிறைவடையும் வரை குடியிருப்போர் முழு ஒத்துழைப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

அரை மணி நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள்: லிஃப்ட் எப்போது ஓடும்? மாலையில் என்னிடம் வந்து, “தெளிவாத்தானே சார் எழுதியிருக்கேன்? யாருமே படிக்கிறதில்லை” என்று வருத்தப்பட்டார். அலுவலகக் கடிதங்களைத் திருத்துவது என் வேலை என்பதால் இந்த மாதிரி வருத்தங்கள் என்னிடம்தான் வந்து சேரும்.

படித்திருக்கிறார்கள், அதில்தான் ஒன்றுமில்லை. ஏன் இல்லை என்பதைப் பார்க்க ஒரு சின்ன வேலை செய்தோம். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆகவே ஒரு மின்னஞ்சலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, மற்றதையெல்லாம் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் போதும். இவருடையதில் கிடைத்தது: மேற்கொள்ளப்பட்டது, எடுக்கப்பட்டுள்ளது, நடைபெற்று வருகிறது, மேற்கொள்ளப்பட்டு வருகிறது, கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இது லிஃப்ட் பற்றிய கடிதமா, குடிநீர்க் குழாய் பற்றியதா, பள்ளி ஆண்டு விழா பற்றியதா? எதுவாகவும் இருக்கலாம். நடந்த காரியங்கள் எல்லாம் ஆய்வு, முடிவு, பணி, விசாரணை, ஒத்துழைப்பு என்று பெயர்ச்சொல்லாக மாறி வாக்கியத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டன. வினை இருக்க வேண்டிய இடத்தில் எந்தக் காரியத்துக்கும் பொருந்துகிற ஒரு வெற்று வினை நிற்கிறது.

இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. ஆங்கிலத்தில் ‘டிசைட்’ என்று ஒரே சொல்லில் முடிவதை ‘மேக் எ டெசிஷன்’ என்றும், ‘இன்வெஸ்டிகேட்’ என்பதைக் ‘கண்டக்ட் ஆன் இன்வெஸ்டிகேஷன்’ என்றும் நீட்டுவார்கள். அமெரிக்காவில் 2010-இல் அரசு ஆவணங்களை எளிய மொழியில் எழுதச் சொல்லி ஒரு சட்டமே வந்தது. அங்கே அரசு ஊழியர்களுக்கான எழுத்து வழிகாட்டியில் இந்தப் பழக்கத்துக்கு ‘ஒளிந்துகொண்ட வினைகள்’ என்று பெயர். பெயர்ச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் வினையை வெளியே இழுத்து விடுங்கள், வாக்கியம் சுருங்கிவிடும் என்பது அவர்கள் வைத்தியம். ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே நடந்துவிடுகிறது. தமிழில் அப்படி மாற்றப் போனால் சில இடங்களில் வழுக்கும். ஆனால் கிடைக்கிற லாபமும் தமிழில்தான் அதிகம்.

காரணம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்த இலக்கணத்தில் இருக்கிறது. ‘விசாரித்தேன்’ என்ற சொல்லைப் பகுபத உறுப்பிலக்கணப்படி பிரித்து மதிப்பெண் வாங்கியிருப்போம். விசாரி என்பது பகுதி. நடுவில் வரும் த் இறந்தகால இடைநிலை. கடைசியில் வரும் ஏன் தன்மை ஒருமை விகுதி. அதாவது என்ன செய்தேன், எப்போது, யார் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ‘நான்’ என்று தனியாகச் சொல்லக்கூடத் தேவையில்லை. அதே பாடத்தில் தொழிற்பெயர் என்று ஒன்று வரும். எண், இடம், காலம், பால் எதையும் காட்டாமல் செயலுக்குப் பெயராக மட்டும் நிற்பது. தேர்வுக்காக உருப்போட்ட அந்த வரிதான் இந்த மின்னஞ்சலின் வியாதியையும் சொல்கிறது. ஆய்வு, முடிவு, விசாரணை என்று பெயராக்கிய அந்த நொடியிலேயே யார், எப்போது என்ற இரண்டும் சொல்லிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் நாங்கள் என்று பொருள்தரும் ‘வி’ என்ற எழுவாய் தனிச்சொல்லாக முன்னால் நிற்கிறது. வினையைப் பெயராக்கினாலும் அது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். தமிழில் பல நேரம் ஆள் வினையின் வாலில்தான் இருக்கிறான்.

ஆனால் உதிர்ந்தது உடனே தொலைந்துவிடுவதில்லை, படிப்படியாகத்தான் தொலைகிறது. ‘காவலாளியை விசாரித்தேன்’ என்பதிலிருந்து தொடங்குவோம். அதையே ‘காவலாளியிடம் விசாரணை நடத்தினேன்’ என்றால் ஒரு சொல் கூடிவிட்டது, கொஞ்சம் விறைப்பும் வந்துவிட்டது. ஆனாலும் ‘நடத்தினேன்’ என்பதில் நான் இன்னும் இருக்கிறேன். அடுத்த படி ‘விசாரணை நடத்தப்பட்டது’. இங்கேதான் விஷயம். ‘விசாரிக்கப்பட்டது’ என்று மொட்டையாக எழுதிப் பாருங்கள், காது ஏற்காது. விசாரி என்ற வினை யாரை, எதை என்று கேட்கும். ‘காவலாளி விசாரிக்கப்பட்டார்’ என்று யாரையாவது கொண்டுவந்து நிறுத்தினால்தான் அடங்கும். ‘விசாரணை நடத்தப்பட்டது’ என்றால் அந்தக் கேள்வியே எழுவதில்லை. எழுவாயின் நாற்காலியில் விசாரணையே ஏறி உட்கார்ந்துகொண்டதால் விசாரித்தவரும் வேண்டாம், விசாரிக்கப்பட்டவரும் வேண்டாம், வாக்கியம் முழுசாகிவிடுகிறது. கடைசிப் படி ‘விசாரணை நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன’. இதில் காலமும் கரைந்துவிட்டது. நேற்றும் வருகின்றன, அடுத்த வருடமும் வருகின்றன.

ஆக, பெயராக்குவது தனியாகச் செய்யும் சேதம் கொஞ்சம்தான். செயப்பாட்டு வினையைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளும்போதுதான் அது ஆளைக் கடத்திக்கொண்டு போகிறது. திருத்தும்போது எதில் முதலில் கை வைப்பது என்ற கேள்விக்கும் இதுவே பதில். ‘படு’ வருகிற இடங்களை முதலில் பிடியுங்கள். ‘ஆலோசனை நடத்தினோம்’ என்று யாராவது எழுதினால் நான் பல நேரம் விட்டுவிடுவேன்.

சரி, செயலாளரின் மின்னஞ்சலுக்கு வருவோம். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒளிந்திருந்த வினையை எடுத்து, அதற்கு வால் ஒட்ட முயன்றோம். வால் ஒட்ட ஆள் தெரிய வேண்டும், காலம் தெரிய வேண்டும். அதனால் நான் கேட்டுக்கொண்டே போனேன்.

“ஆய்வு மேற்கொள்ளப்பட்டதுன்னு போட்டிருக்கீங்களே, யார் சார் பார்த்தாங்க?”

“லிஃப்ட் மெக்கானிக்தான். புதன்கிழமை காலையில வந்தார். மெஷின் ரூம்ல தண்ணி இறங்கி கண்ட்ரோல் போர்டு எரிஞ்சுபோச்சாம்.”

அப்படியானால் வாக்கியம் ‘புதன் காலை மெக்கானிக் வந்து பார்த்தார்’. மின்னஞ்சலில் இல்லாத காரணமும் இந்தப் பதிலோடு கூடவே வந்துவிட்டது. ஆய்வு என்ற சொல்லுக்குள் அது புதைந்து கிடந்தது.

“மாத்தறதுன்னு முடிவு பண்ணியாச்சா? குழு எப்போ கூடிச்சு?”

இந்த இடத்தில் கொஞ்சம் மௌனம். “கூடலை. நானும் தலைவரும் பொருளாளரும் போன்ல பேசிக்கிட்டோம். எந்த போர்டு வாங்கறதுன்னு ஞாயித்துக்கிழமைதான் உட்கார்ந்து பேசணும்.”

“அப்ப முடிவு எடுக்கப்பட்டுள்ளதுன்னு எப்படி?”

“எப்படியும் எடுத்துடுவோம்ல சார்.”

அவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. ‘குழு முடிவு செய்தது’ என்று எழுத வேண்டியிருந்தால் அவர் கையே ஓடியிருக்காது. எந்த நாள் கூட்டம் என்று அவருக்குள் இருக்கும் வங்கிக்காரர் கேட்டிருப்பார். ‘முடிவு எடுக்கப்பட்டுள்ளது’ என்பது அவரையும் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிட்டது. வேலையில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பெயர்ச்சொல் வாசகரை ஏமாற்றுவதற்கு முன்பு எழுதுகிறவரைத்தான் ஏமாற்றுகிறது.

விசாரணை இன்னும் மோசம். யாரும் எதையும் விசாரிக்கவில்லை. தண்ணீர் எப்படி மெஷின் ரூமுக்குள் வந்தது என்று ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று பொருளாளர் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ‘விசாரித்து வருகிறோம்’ என்று மாற்றலாமா என்றேன். வேண்டாம் சார், பொய்யாயிடும் என்றார். ‘விசாரணை மேற்கொள்ளப்பட்டு வருகிறது’ என்று எழுதியபோது அது பொய்யாக அவருக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் அகராதிப்படி பொருள் ஒன்றுதான்.

இரவு எட்டு மணிக்குப் போன புதிய மின்னஞ்சல்:

> பொருள்: பி பிளாக் லிஃப்ட் 12-ஆம் தேதி வரை ஓடாது
>
> பி பிளாக் லிஃப்ட் செவ்வாய்க்கிழமை இரவு நின்றுபோனது. புதன் காலை மெக்கானிக் வந்து பார்த்தார். மொட்டை மாடியிலிருந்து மெஷின் ரூமுக்குள் தண்ணீர் கசிந்து கண்ட்ரோல் போர்டு எரிந்துவிட்டது என்கிறார். புது போர்டுக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறோம், சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுவார்கள். ஞாயிறு காலை 10 மணிக்குக் குழு கூடி, எதை வாங்குவது என்று முடிவு செய்யும். வாங்கி மாட்ட மூன்று நாள் ஆகும். அதனால் 12-ஆம் தேதி புதன் மாலைக்கு முன் லிஃப்ட் ஓடாது. படி ஏற முடியாதவர்கள் செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள். பொருள்களை மேலே கொண்டுவந்து தருவார். மாடியில் எந்த இடத்தில் கசிகிறது என்பதை இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை அழைத்துப் பார்க்கிறோம்.

கடைசிச் சொற்களை மட்டும் படியுங்கள்: நின்றுபோனது, பார்த்தார், என்கிறார், சொல்லிவிடுவார்கள், முடிவு செய்யும், ஆகும், ஓடாது, சொல்லுங்கள், தருவார், பார்க்கவில்லை, பார்க்கிறோம். கதை ஏறக்குறைய தெரிந்துவிடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது பழையதைவிடச் சிறியது இல்லை. பழையதில் 41 சொற்கள், புதியதில் 70-க்கு மேல். வினையாக மாற்றினால் மின்னஞ்சல் சுருங்கும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது பாதி உண்மை. சொல்ல வேண்டியது ஏற்கெனவே எல்லாம் உள்ளே இருந்து, பெயர்ச்சொற்களால் உப்பியிருந்தால் சுருங்கும். சொல்ல வேண்டியதே இல்லாமல் உப்பியிருந்தால், காற்று வெளியேறி உண்மை உள்ளே வரும்போது நீளம் கூடத்தான் செய்யும். ஆனால் படிக்கிறவர் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியதில்லை, பதில் எழுதிக் கேட்க வேண்டியதும் இல்லை.

இனி அந்த வழுக்கும் இடங்கள். தமிழில் எல்லாப் பெயருக்கும் நேரான ஒற்றை வினை கிடையாது. இருந்தாலும் எப்போதும் அதே பொருளில் இருக்காது.

வடமொழியிலிருந்து வந்த ஒரு கூட்டம் சொற்களுக்கு நம் மொழி அழகான ஒரு வழி வைத்திருக்கிறது. வால் போய் ‘இ’ வந்தால் வினை. யோசனை, யோசி. ஆலோசனை, ஆலோசி. பரிசீலனை, பரிசீலி. விவாதம், விவாதி. விநியோகம், விநியோகி. அலுவலக மின்னஞ்சல்களில் அதிகம் புழங்குவது இந்தக் கூட்டம்தான் என்பதால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது’ என்பதை ‘உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறோம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். ஆனால் இதே வாய்பாட்டை வைத்துக்கொண்டு வேதனையை ‘வேதி’க்க முடியாது. சாதனையைச் ‘சாதி’ ஆக்கலாம். ஆனால் ‘அவர் சாதிக்கிறார்’ என்றால் சில இடங்களில் சொன்னதையே பிடிவாதமாகச் சொல்கிறார் என்றும் ஆகிவிடும். சோதனை, சோதி சரிதான். ஆனால் ‘புது மென்பொருளைச் சோதித்தோம்’ என்று எழுதலாம், ‘வாடிக்கையாளரைச் சோதித்தோம்’ என்று எழுதினால் அவர் பொறுமையைச் சோதித்ததாகத்தான் படிப்பார்.

முடிவு விஷயத்தில் தமிழ் தனிப் பாதை. ‘மேக் எ டெசிஷ’னுக்கு ‘டிசைட்’ இருப்பதுபோலத் தமிழில் ‘தீர்மானி’ இருக்கிறது. அதற்காக ‘முடிவெடுத்தோம்’, ‘முடிவு செய்தோம்’ என்பதையெல்லாம் தேடிப் பிடித்துத் தீர்மானித்தோம் ஆக்க வேண்டியதில்லை. வீட்டிலும் தெருவிலும் நாம் முடிவு பண்ணுகிறோம். தீர்மானிப்பது கொஞ்சம் மேடையேறிய சொல். இரண்டு சொல்லாகத் தெரிந்தாலும் ‘முடிவு செய்’ என்பது தமிழ்க் காதுக்கு ஒரே வினைதான், அதன் வாலில் ஆளும் காலமும் பத்திரமாக இருக்கின்றன. அடிக்க வேண்டியது ‘முடிவு எடுக்கப்பட்டது’, ‘முடிவினை மேற்கொண்டது’ ஆகியவற்றை.

ஆங்கிலச் சொற்கள் கலந்த அலுவலகப் பேச்சுக்கும் இதே நியாயம். அப்டேட், செக், டெலிட் எதற்கும் நேராகத் தமிழ் விகுதி ஒட்டாது. ‘அப்டேட் செய்தேன்’, ‘செக் பண்ணினேன்’ என்று ஒரு துணையோடுதான் வரும். அது மொழியின் தேவை, வீண் சதை இல்லை. ‘அப்டேட் செய்யும் பணி மேற்கொள்ளப்பட்டது’ என்பதுதான் சதை.

ஆய்வு, விசாரணை, ஒப்புதல் என்ற மூன்றும் வேறு வகை. இவை பல அலுவலகங்களில் வெறும் செயலின் பெயர்கள் மட்டும் இல்லை, விதிமுறை உள்ள நடைமுறைகளின் பெயர்கள். மெக்கானிக் லிஃப்டைப் பார்த்தார். மின் ஆய்வுத் துறையிலிருந்து அதிகாரி வந்தால் அவர் செய்வது ஆய்வு. அதற்குத் தாள் உண்டு, கையெழுத்து உண்டு. அதைப் போய் ‘ஆராய்ந்தார்’ என்று மாற்றினால் அவர் லிஃப்டின் தத்துவத்தைப் பற்றிச் சிந்தித்த மாதிரி இருக்கும். ‘அதிகாரி 18-ஆம் தேதி ஆய்வு செய்தார்’ என்றே இருக்கட்டும்.

விசாரணையில் ஆபத்து கூடுதல். ஒரு ஊழியர் மீது குற்றக் குறிப்பாணை கொடுத்து, விசாரணை அலுவலரை நியமித்து, சாட்சிகளைக் கேட்டுப் பதிவு செய்வது விசாரணை. மேலாளர் கூப்பிட்டு ‘என்னப்பா நடந்தது?’ என்று கேட்பது விசாரிப்பது. முதலாவதை ‘விசாரித்தோம்’ என்று எழுதினால், நலம் விசாரித்ததற்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. நாளை வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, முறையான விசாரணையே நடக்கவில்லை என்று வாதாடலாம். இரண்டாவதை ‘விசாரணை நடத்தினோம்’ என்று எழுதினால் அந்த ஊழியர் அன்று இரவு தூங்க மாட்டார். எந்தச் சொல் சரி என்பது எது நடந்தது என்பதைப் பொறுத்தது. நடைமுறை நடந்திருந்தால் பெயரை வைத்துக்கொண்டு ஆளையும் நாளையும் மட்டும் திரும்பக் கொண்டுவரலாம்: ‘விசாரணை அலுவலர் 10-ஆம் தேதி விசாரணையைத் தொடங்கினார்.’

ஒப்புதலில் நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘மேலாளர் இதற்கு ஒப்புதல் அளித்தார்’ என்ற வாக்கியத்தைச் சுருக்குகிறேன் பேர்வழி என்று ‘மேலாளர் இதை ஒப்புக்கொண்டார்’ என்று மாற்றினேன். கூடுதல் செலவு பற்றிய மின்னஞ்சல் அது. படித்தவர்களுக்கு மேலாளர் ஏதோ தவறைச் செய்துவிட்டு ஒப்புக்கொண்டது போல இருந்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “நான் எதை ஒப்புக்கிட்டேன் தம்பி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ‘அனுமதித்தார்’ என்றோ ‘சரி என்றார்’ என்றோ போட்டிருக்கலாம். பழையதையே விட்டிருந்தாலும் குறையில்லை. ‘அளித்தார்’ என்பதில் ஆள் இருந்தார்.

சங்கத்தின் தீர்மானமும் அப்படித்தான். பொதுக்குழுவில் முன்மொழிந்து, வழிமொழிந்து, நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏறியது தீர்மானம். அதற்கு எண் உண்டு. ‘3-ஆம் தீர்மானத்தின்படி’ என்று பின்னால் சுட்ட வேண்டியிருக்கும். வினையைச் சுட்ட முடியாது, பெயரைத்தான் சுட்ட முடியும்.

இதற்கெல்லாம் நேர் எதிராக, வினையே இல்லாத பெயர் ஒன்று இருக்கிறது: நடவடிக்கை. ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ இதை எந்த வினையாக மாற்றுவீர்கள்? மாற்ற முடியாது, ஏனென்றால் உள்ளே எதுவும் ஒளிந்திருக்கவில்லை. என்ன நடவடிக்கை என்று எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவார்களா, ஆளை மாற்றுவார்களா, கூப்பிட்டுக் கண்டிப்பார்களா? பதில் வந்தால் அந்த வினையை எழுதலாம். வரவில்லை என்றால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுவது நல்லது. ‘ஏற்பட்டது’ அதன் தம்பி. தாமதம் ஏற்பட்டது, தவறு ஏற்பட்டது, சிரமம் ஏற்பட்டது என்று எல்லாம் மழை மாதிரி வானத்திலிருந்து தானாக வந்து விழும். உண்மையிலேயே தானாக நேர்ந்ததற்கு அது பொருத்தமான சொல்தான். வெள்ளத்தால் சேதம் ஏற்பட்டது என்பதில் யாரைக் குற்றம் சொல்ல? ஆனால் பில்லில் தொகையைத் தப்பாகப் போட்டது நம் ஆள் என்றால், ‘தொகையைத் தவறாகக் குறித்துவிட்டோம், திருத்தி அனுப்பியிருக்கிறோம்’ என்று எழுதுவதற்கு ஆகிற செலவு ஒன்றுமில்லை, வாடிக்கையாளரின் கோபமும் பாதி இறங்கிவிடும்.

எழுதி முடித்ததும் நான் செய்கிற சோதனை மிகச் சாதாரணமானது. கணினியில் Ctrl+F அழுத்தி ‘மேற்கொ’ என்று தேடுவேன். ‘மேற்கொள்’ என்று முழுதாகத் தேடினால் ‘மேற்கொண்டு’, ‘மேற்கொண்டோம்’ எல்லாம் தப்பிவிடும். அதனால் ‘கொ’வோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்புறம் கண்ணால் ‘குறித்த’, ‘தொடர்பான’, ‘அடிப்படையில்’ ஆகியவற்றைத் தேடுவேன். பெயர்ச்சொல்லை இன்னொரு பெயர்ச்சொல்லோடு கட்ட இந்தக் கயிறுகள் வேண்டும். ஆகவே கயிறு கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டிப்போட்ட வினை ஒன்று இருக்கும். ‘கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றுவது குறித்த முடிவு’ என்பதில் ‘குறித்த’ இருந்ததற்குக் காரணம் முடிவு பெயராக நின்றதுதான். ‘மாற்ற முடிவு செய்தோம்’ என்று ஆனதும் கயிறு தானாக அவிழ்ந்துவிடும்.

மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. செயலாளருக்கும் இருந்தது. ‘சொல்லுங்கள்’ என்று எழுதினால் அதட்டுவது போல இல்லையா என்று கேட்டார். தமிழில் மரியாதையும் வினையின் வாலில்தான் இருக்கிறது. சொல், சொல்லு, சொல்லுங்கள், சொல்ல முடியுமா, சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஒரு ஏணியே இருக்கிறது; ‘ஒத்துழைப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பது அந்த ஏணியில் எங்கேயும் இல்லை. அது பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி. அதோடு, எதிரே இருக்கிறவரை ‘நீங்கள்’ என்று அழைக்காமல் ‘குடியிருப்போர்’ என்று மூன்றாம் மனிதராக்கிப் பேசுவதில் என்ன மரியாதை இருக்கிறது? மேலதிகாரிக்கு எழுதும்போது ‘தங்களின் மேலான பரிசீலனைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்பதற்குப் பதிலாக ‘பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொன்னால், நாங்கள் திங்கள்கிழமை ஆர்டர் கொடுத்துவிடுவோம்’ என்று நான் எழுதுவதுண்டு. இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் அரசு அலுவலகத்துக்கு மனு போடும்போது அவர்களுடைய வாய்பாட்டை நான் கலைக்க மாட்டேன். அங்கே வாசிக்கிறவர் அந்த வாய்பாட்டைத் தேடித்தான் வாசிக்கிறார்.

செய்தவர் யார் என்று தெரியாதபோதும், தெரிந்தும் சொல்லக் கூடாதபோதும் செயப்பாட்டு வினை நல்ல கருவிதான். ‘சி பிளாக் தபால் பெட்டி உடைக்கப்பட்டிருந்தது’ என்று செயலாளர் டிசம்பரில் ஒரு மின்னஞ்சல் எழுதினார். அதை நான் தொடவில்லை. உடைத்தவர் யாரென்று எங்கள் எல்லோருக்கும் ஓரளவு தெரியும்.

லிஃப்ட் 12-ஆம் தேதி மாலை ஓடவில்லை, 13-ஆம் தேதி மதியம்தான் ஓடியது. கசிவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரும் வரவில்லை. செயலாளர் அன்று மாலையே எல்லோருக்கும் எழுதினார், இந்தத் தடவை என்னிடம் காட்டாமல்: “கொத்தனார் இன்று வரவில்லை. நான் இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. நாளை காலை அவர் வீட்டுக்கே போய்க் கூட்டிவருகிறேன்.”